யாருடைய கடிகாரம்? அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்பு அறிவிப்பில் வயதும் நேரமும்

1. ஆய்வுப் பொருள்

இணையவழித் தமிழ்ப் பள்ளி ஒன்று புதிய வகுப்பைத் தொடங்கும்போது முதலில் வெளியிடுவது பாடத்திட்டத்தை அன்று. பிள்ளைகள் சிரிக்கும் படம் ஒன்றும் அதன்கீழ் நாலைந்து வரி வாசகமும்தான் முதலில் வெளிவருகின்றன. யாருக்கு, எந்த வயதில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பவை அந்த வரிகளில் இருக்கும். அந்த வாசகமே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். அதிலும் வயது, நேரம் என்ற இரண்டு உறுப்புகள் மட்டும் இங்கே ஆராயப்படுகின்றன. கட்டணமும் சான்றிதழும் பாடநூலும் வேறு ஆய்வுக்கு உரியவை.

இந்த வாசகத்தை எழுதுபவர் பெரும்பாலும் தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார். அதை முதலில் படிப்பவரும் பல நேரம் ஊரில்தான் இருக்கிறார். பேத்திக்குத் தமிழ் வரவில்லையே என்ற கவலையில் தாத்தா அதை வாட்ஸாப்பில் மகளுக்கு அனுப்புகிறார். மகள் அதை நியூ ஜெர்சியில் வேலை முடிந்து வரும் ரயிலில் படிக்கிறாள், கணவருக்குத் தள்ளிவிடுகிறாள். மூன்று கை மாறிய பிறகும் வாசகத்திலுள்ள மணி ஊர் மணியாகவே நிற்கிறது. பள்ளியைக் கூப்பிடும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எங்க டைம்ல எத்தனை மணிங்க?” அறிவிப்பு சொல்லியிருக்க வேண்டியது எதுவோ அதையே அவர்கள் கேட்கிறார்கள்.

ஆய்வுக்கு வசதியாக ஒரு மாதிரி வாசகத்தை அமைத்துக்கொள்வோம். இது எந்தப் பள்ளியுடையதும் அன்று; இத்தகைய அறிவிப்புகளில் அடிக்கடி காணப்படும் உறுப்புகளைக் கோத்து இக்கட்டுரைக்காக எழுதியது.

“வெளிநாடு வாழ் தமிழ்க் குழந்தைகளுக்கு இணையவழித் தமிழ் வகுப்புகள்! மழலை (4–6 வயது), அரும்பு (6–9), மொட்டு (9–12), மலர் (12–15). சனி, ஞாயிறு மாலை 7 மணி (IST). ஒரு வகுப்பு 45 நிமிடம்.”

படிக்கத் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் இதை நம்பி ஒரு குடும்பம் சேர முயலும்போது ஒவ்வொரு எண்ணும் ஒரு கேள்வியாகிறது. இந்த வாசகத்திலுள்ள வயதும் நேரமும் பள்ளி தன்னை அளந்துகொண்ட அளவுகள். அவற்றைப் பிள்ளையின் அளவுகளாக மாற்றி எழுத முடியும் என்பதும், அப்படி எழுதும்போது வகுப்பின் அமைப்பே மாறிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. ‘வெளிநாடு’ என்ற சொல்

வயதுக்கும் நேரத்துக்கும் போகுமுன் இந்தச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டு அரசு ‘அயலகத் தமிழர்’ என்கிறது; ஈழத்தவர் ‘புலம்பெயர்ந்தோர்’ என்கிறார்கள்; அறிவிப்புகள் ‘வெளிநாடு’ என்கின்றன. மூன்று சொல்லும் ஊரிலிருந்து பார்த்துச் சொன்னவை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அங்கே படிக்கும் பிள்ளை பள்ளியிலேயே தாய்மொழிப் பாடமாகத் தமிழைப் படிக்கிறாள். நியூ ஜெர்சிப் பிள்ளைக்குத் தமிழ் வீட்டுக்குள் மட்டும் கேட்கும் மொழி. இருவரையும் ஒரே சொல்லில் அடக்கி, ‘அரும்பு’ என்ற ஒரே வகுப்பில் உட்கார்த்தினால், ஒருத்தி வாக்கியம் எழுதும்போது மற்றவள் ‘அ’ எழுதிக்கொண்டிருப்பாள். நாடு என்பது அறிவிப்பில் முகவரியாக மட்டுமே வருகிறது. உண்மையில் அது மொழிநிலையையும் கடிகாரத்தையும் சேர்த்துச் சொல்லும் குறிப்பு.

3. வயது

3.1 நடக்கும் வயது, நிறைந்த வயது

‘6–9 வயது’ என்பதைத் தமிழர் இரண்டு விதமாகப் படிப்பார்கள். ஐந்து வயது முடிந்து ஆறாவது ஆண்டில் இருக்கும் பிள்ளையைப் பாட்டி “ஆறு நடக்குது” என்பாள். அதே பிள்ளையின் தாய், கடவுச்சீட்டிலும் பள்ளிப் படிவத்திலும் எழுதிப் பழகியவள். “அஞ்சு வயசு” என்பாள். சாதகக் கணக்கு வழியில் வந்த நடப்பு வயதும் பதிவேட்டு வழியில் வந்த நிறைவு வயதும் ஒரே குடும்பத்தில் ஒரே நாளில் புழங்குகின்றன. அறிவிப்பை அனுப்பியவர் தாத்தா, படிவத்தை நிரப்புபவர் மகள் என்பதை நினைவில் கொண்டால், சேர்க்கையில் ஓர் ஆண்டுக் குழப்பம் எப்படி வருகிறது என்பது விளங்கும். ‘நிறைந்த’ என்ற ஒரே சொல்லைச் சேர்த்தால் இது தீரும்.

எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது அடுத்த சிக்கல். மாதிரி வாசகத்தில் 6 வயதுப் பிள்ளை மழலையிலும் இருக்கலாம், அரும்பிலும் இருக்கலாம். பெற்றோர் பெரும்பாலும் மேல்வகுப்பையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் அரும்பு வகுப்பில் ஆறு வயதுப் பிள்ளைகள் குவிந்து, எட்டரை வயதுப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேராகத் தனித்துப்போகிறார்கள். ‘6 நிறைந்து 9 நிறையாதவர்’ என்று எழுதும்போது ஒரு பிள்ளைக்கு ஒரே இடம்தான் உண்டு.

3.2 எந்த நாளில் அந்த வயது

இங்கிலாந்தில் பள்ளி வகுப்பைப் பிரிக்கும் நாள் செப்டம்பர் 1. ஆகஸ்ட் 31 அன்று பிறந்தவளும் மறுநாள் பிறந்தவளும் வெவ்வேறு வகுப்பில் இருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பள்ளி ஆண்டு ஜனவரி இறுதியில் தொடங்குகிறது. அந்த ஆண்டின் ஜூலை 31க்குள் 5 நிறைந்தால் சேரலாம். தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டு தொடங்குவது ஜூன் மாதம். ஆகவே ஒரே வயதுடைய மூன்று பிள்ளைகள், அவரவர் நாட்டில் இரண்டு வெவ்வேறு வகுப்புகளில் இருப்பது இயல்பு. பிள்ளைகள் தங்களைப் பள்ளி வகுப்பால் அறிகிறார்கள். “நான் செகண்ட் கிரேட்” என்பார்கள். தமிழ் வகுப்பு எந்த நாளை எல்லையாகக் கொள்கிறது என்று அறிவிப்பு சொல்லாவிட்டால், நடு ஆண்டில் பிறந்தநாள் வரும் பிள்ளையின் தாய் “இப்ப மேல் வகுப்புக்கு மாத்துவீங்களா?” என்று கேட்பது நியாயமே.

3.3 வயதும் மொழிநிலையும்

வயதுப் பிரிவின் பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளைகள் மூவரை எடுத்துக்கொள்வோம். முதல் பிள்ளை மஸ்கட்டில் வளர்கிறான். வீட்டில் தமிழே பேசுகிறான், எழுத்து மட்டும் தெரியாது. இரண்டாவது பிள்ளை லண்டனில். அம்மா தமிழில் கேட்பதெல்லாம் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். “அவளுக்குப் புரியும், ஆனா பேசமாட்டா” என்று பெற்றோர் சொல்வது இந்த நிலையைத்தான். மூன்றாவது பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் மட்டுமே தமிழர். தாத்தா பாட்டியுடன் பேசுவதற்காக முதல் சொல்லிலிருந்து தொடங்குகிறான். மூவரும் ‘மொட்டு’. முதல்வனுக்கு எழுத்து வேண்டும், இரண்டாமவளுக்கு வாய் திறக்க வேண்டும், மூன்றாமவனுக்குச் சொல் வேண்டும். ஒரே 45 நிமிடத்தில் மூன்றையும் தர முயலும் ஆசிரியை கடைசியில் எழுத்தைத்தான் தருகிறார். ஏனெனில் திரையில் காட்டிச் சரிபார்க்க எளிது அதுவே. மூவரும் ‘க, ங, ச’ எழுதிவிட்டுப் போகிறார்கள். இரண்டாமவள் அன்று ஒரு தமிழ்ச் சொல்லும் பேசவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

வயது பயனற்ற அளவு என்று இதற்குப் பொருளில்லை. எழுத்துக் கற்கும் முறையை வயது உண்மையிலேயே மாற்றுகிறது. 247 எழுத்து என்று எண்ணிச் சொன்னாலும், கற்க வேண்டியவை அத்தனை தனி வடிவங்கள் அல்ல. பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கைவந்த பிறகு, துணைக்காலும் கொம்பும் விசிறியும் எல்லா மெய்க்கும் ஒன்றுபோலவே வருகின்றன. கு, டு, து, மு என்று வடிவம் மாறும் உகர வரிசைகளே மனப்பாடம் கேட்பவை. பதினொரு வயதுப் பிள்ளை இந்த ஒழுங்கைச் சொன்னவுடன் பிடித்துக்கொள்வாள். தானே கட்டம் போட்டு நிரப்பிவிடுவாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒழுங்கு என்ற ஒன்றே கண்ணில் படாது. அவனுக்கு ‘கா’ ஒரு படம், ‘கி’ வேறொரு படம். ஒற்றைக்கொம்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘பெ’ என்பதில் கொம்பு முன்னால் எழுதப்படுகிறது, அதன் ஒலி பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் படிக்க ஆங்கிலப் பள்ளியில் பழகிய பிள்ளை இங்கே தடுக்குவாள். பெரிய பிள்ளைக்கு ஒரு வாக்கியத்தில் விளக்கிவிடலாம். சிறிய பிள்ளைக்கு ‘பெட்டி’, ‘செடி’, ‘தெரு’ என்று சொல்லையே முழுதாகக் காட்டிக் கண்ணைப் பழக்க வேண்டும்.

ஆக, வயது எப்படிக் கற்பிப்பது என்பதைச் சொல்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்வதில்லை. அறிவிப்பு இரண்டாவதையும் சொல்ல வேண்டும். அதற்கு நம் இலக்கியத்திலேயே ஒரு வழி இருக்கிறது. பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிக்கிறது. பாட்டியல் நூல்கள் ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்குச் சொன்னாலும், பருவத்தின் பெயரில் எண் இல்லை. சப்பாணி என்றால் கை கொட்டும் பருவம். வருகை என்றால் தளர்நடையிட்டு வரும் பருவம். சிற்றில் என்றால் மணல்வீட்டு ஆட்டத்தோடு சேர்ந்த பருவம். இவற்றில் பிள்ளை என்ன செய்யும் என்பதே பெயர். ‘மழலை, அரும்பு, மொட்டு, மலர்’ என்ற பெயர்கள் அழகானவை. ஆனால் பிள்ளை என்ன செய்யும் என்பதை அவை சொல்லவில்லை. ‘கேட்டால் புரியும், பேசத் தயங்கும்’, ‘பேசும், எழுதத் தெரியாது’, ‘முதல் சொல்லிலிருந்து’ என்ற மூன்று தொடர்களை வயதோடு சேர்த்தால், படிக்கும் தாய் தன் பிள்ளையை அந்த வரியில் அடையாளம் கண்டுகொள்வாள்.

பேசத் தயங்கும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். அவர்கள் வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ். வகுப்பில் எதிர்ப்படுவது எழுத்துத் தமிழ். ‘வந்துட்டிருக்கேன்’ என்று கேட்டு வளர்ந்தவளிடம் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதிக் காட்டினால், தான் அறிந்தது தவறு என்றே அவள் எடுத்துக்கொள்கிறாள். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. வீட்டில் ‘கதைக்கிறது’, வகுப்பில் ‘பேசுறது’, நூலில் ‘பேசுவது’. எந்த வட்டாரப் பேச்சில் வகுப்பு நடக்கும் என்று அறிவிப்பில் அரை வரி இருந்தால் பெற்றோர் அதற்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். நான் பார்த்த அறிவிப்புகளில் அந்த அரை வரி இருப்பது அரிது.

4. நேரம்

4.1 ‘மாலை 7 மணி (IST)’

IST என்ற மூன்றெழுத்து இந்திய நேரத்தை மட்டும் குறிப்பதில்லை. அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் இஸ்ரேல் நேரத்துக்கும் இதே சுருக்கம்தான். டப்ளினில் வாழும் குடும்பம் இதைத் தன் நேரமாகவே படித்துவிட இடமுண்டு. இலங்கை 2006 ஏப்ரல் முதல் இந்தியாவோடு ஒரே நேரத்தில் இருப்பதால், யாழ்ப்பாணத்திலிருந்து நடக்கும் வகுப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முந்தியது என்பதில் உள்ள அந்த அரை மணிதான் மனக்கணக்கில் அதிகம் தவறுவது. நியூயார்க்குக்கு “பத்தரை மணி வித்தியாசம்” என்று ஒருவர் மனத்தில் பதித்துக்கொள்வார். கோடையில் அது ஒன்பதரை என்பதை மறந்துவிடுவார்.

இந்திய நேரம் மாலை 7 மணி என்பதைப் பிப்ரவரி மாதச் சனிக்கிழமை ஒன்றில் வைத்துப் பார்ப்போம். நியூ ஜெர்சியில் காலை 8.30. கலிபோர்னியாவில் விடியுமுன் 5.30. லண்டனில் பிற்பகல் 1.30. மஸ்கட்டில் மாலை 5.30. சிங்கப்பூரில் இரவு 9.30. சிட்னியில் நள்ளிரவு தாண்டி 12.30. ஒரே வரி மூன்று ஊர்களுக்கு நல்ல நேரத்தையும் மூன்று ஊர்களுக்கு நடக்க முடியாத நேரத்தையும் தருகிறது. ஆனால் வாசகமோ ‘வெளிநாடு வாழ்’ எல்லாரையும் அழைக்கிறது. சிட்னித் தாய் மணியை மாற்றிப் பார்த்துவிட்டுப் பேசாமல் விலகிவிடுகிறாள். தனக்கு வகுப்பு இல்லை என்று பள்ளி வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அவள் வேறு இடம் தேடியிருப்பாள்.

4.2 கிழமை

மணியைவிடக் கிழமையே அதிகம் ஏமாற்றும். கலிபோர்னியப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி ‘ஞாயிறு காலை 7 மணி (IST)’ என்று அறிவிக்கிறது என்று கொள்வோம். அந்த நேரம் அங்கே சனிக்கிழமை மாலை 5.30, கோடையில் 6.30. மணியைச் சரியாக மாற்றிய தாய் கிழமையை மாற்ற மறந்து, ஞாயிறு மாலை பிள்ளையைத் தலைவாரி உட்கார்த்துகிறாள். ஆசிரியைக்கு அப்போது திங்கள் காலை. அவர் பேருந்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். முதல் வகுப்பிலேயே இப்படி நடந்தால் பிள்ளைக்கு அந்த ஏமாற்றம்தான் நினைவில் நிற்கும்.

நள்ளிரவுக்கு அப்பால் தமிழ் வழக்கே தனியான ஒரு சிக்கலைத் தருகிறது. பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. அதனால் பேச்சிலும் ‘சனி ராத்திரி பன்னிரண்டரை’ என்றால் சனிக்கிழமை இருட்டின் தொடர்ச்சி. கணினிக்கோ அது ஞாயிறு 00:30. பிள்ளைகளின் வகுப்பு அந்த நேரத்தில் இராது. ஆனால் ஆசிரியர் கூட்டமும் பெற்றோர் கூட்டமும் இருப்பதுண்டு, அங்கே இந்தத் தவறு வருகிறது.

‘வார இறுதி வகுப்பு’ என்பதும் எல்லா நாட்டிலும் ஒரே நாளைக் குறிக்காது. ஓமன், சவூதி அரேபியா, கத்தார், குவைத், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது. ஆகவே துபாய்ப் பிள்ளைக்கு ஓய்வான ஞாயிறு மாலை, மஸ்கட் பிள்ளைக்கு வாரத்தின் முதல் பள்ளி நாள் முடிந்த களைப்பான மாலை. இருவரையும் ஒரே வகுப்பில் வைக்க வேண்டுமானால் சனிக்கிழமை மட்டுமே பொது.

4.3 கடிகாரம் மாறும் நாள்கள்

இந்தியா, வளைகுடா நாடுகள், சிங்கப்பூர் ஆகியவற்றில் கடிகாரம் ஆண்டு முழுதும் ஒன்றே. வட அமெரிக்காவின் பெரும்பகுதி மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி முன்னே நகர்ந்து, நவம்பர் முதல் ஞாயிறு திரும்புகிறது. பிரிட்டனும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் மார்ச் கடைசி ஞாயிறு நகர்ந்து, அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்புகின்றன. சிட்னியும் மெல்போர்னும் எதிர்த்திசையில், அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே போய் ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே வருகின்றன. பிரிஸ்பேன் நகர்வதே இல்லை. 2026இல் இவை முறையே மார்ச் 8, நவம்பர் 1. மார்ச் 29, அக்டோபர் 25. ஏப்ரல் 5, அக்டோபர் 4. ஆகவே லண்டனுக்கும் சிட்னிக்கும் இடைவெளி மார்ச் 28 வரை 11 மணி நேரம், பிறகு ஒரு வாரம் 10, ஏப்ரல் 5 முதல் 9.

அறிவிப்பு இந்திய நேரத்தில் கட்டப்பட்டிருந்தால், நகர்வின் விளைவு முழுதும் பிள்ளையின் தலையில் விழுகிறது. மார்ச் 7 அன்று 8.30க்கு வகுப்பில் இருந்த நியூ ஜெர்சிப் பிள்ளைக்கு மார்ச் 14 அன்று 9.30க்கு வகுப்பு. அந்த 9.30க்கு அவனுக்கு நீச்சல் இருக்கும். அதன் கடிகாரம் உள்ளூர்க் கடிகாரம். நீச்சலா தமிழா என்ற கேள்வி அந்தச் சனிக்கிழமை எழுகிறது. மார்ச்சில் திடீரென்று வருகை குறைந்தால், பாடம் கடினமாகிவிட்டது என்று பள்ளிகள் எண்ணுவதுண்டு. எந்த நாட்டுப் பிள்ளைகள் வரவில்லை என்று வருகைப் பதிவைப் பிரித்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். அமெரிக்கப் பிள்ளைகள் மட்டும் குறைந்து, மஸ்கட் பிள்ளைகள் அப்படியே இருந்தால், அது பாடத்தின் குறை அன்று.

பிள்ளையின் கடிகாரத்துக்கு வகுப்பைக் கட்டுவதே சரி என்பது என் முடிவு. நாட்காட்டி அழைப்பில் அதை இப்படி எழுதலாம்:

```
DTSTART;TZID=America/New_York:20260307T083000
RRULE:FREQ=WEEKLY;BYDAY=SA
```

சனிதோறும் நியூயார்க் நேரம் காலை 8.30 என்பது இதன் பொருள். EST என்று எழுதாமல் ஊர்ப் பெயரால் எழுதுவதுதான் இங்கே முக்கியம். EST என்பது குளிர்கால நேரம் மட்டுமே. ஜூலை மாத அறிவிப்பில் அதை எழுதினால் ஒரு மணி நேரம் தவறு. ஊர்ப் பெயர் இரண்டு காலத்தையும் தன்னுள் கொண்டது.

4.4 ஓர் ஆசிரியையின் சனிக்கிழமை

நகர்வைப் பிள்ளையிடமிருந்து எடுத்தால் அது ஆசிரியரிடம் போகிறது. அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்காமல் வாசகத்தை மட்டும் மாற்றினால் பள்ளி தடுமாறும்.

மதுரையில் இருக்கும் ஆசிரியை ஒருவருக்குச் சனிக்கிழமை இரண்டு வகுப்பு. முதலாவது லண்டன் நேரம் பகல் 12.15, இரண்டாவது நியூயார்க் நேரம் காலை 8.30. ஒவ்வொன்றும் 45 நிமிடம். குளிர்காலத்தில் லண்டன் வகுப்பு அவருக்கு மாலை 5.45 முதல் 6.30 வரை, நியூயார்க் வகுப்பு 7 மணிக்கு. நடுவில் அரை மணி ஓய்வு. கோடையில் இரண்டும் ஒரு மணி முந்திவிடும்: 4.45, 6.00. அப்போதும் இடையில் அரை மணி இருக்கிறது. ஜனவரியில் திட்டமிடுபவர் இந்த இரண்டு வரியையும் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார்.

ஆனால் 2026 மார்ச் 14 அன்று நியூயார்க் மட்டும் நகர்ந்திருக்கும். லண்டன் இன்னும் நகர்ந்திராது. லண்டன் வகுப்பு மதுரையில் 5.45 முதல் 6.30 வரை, நியூயார்க் வகுப்பு 6 மணிக்கே தொடங்கிவிடும். அரை மணி நேரம் இரண்டு வகுப்பும் ஒரே ஆசிரியையிடம். மார்ச் 21, 28 ஆகிய சனிக்கிழமைகளிலும் இதே நிலை. ஏப்ரல் 4 அன்று எல்லாம் தானாகச் சரியாகும். பிறகு அக்டோபர் 31 அன்று, லண்டன் திரும்பி நியூயார்க் திரும்பாத அந்த ஒரே சனிக்கிழமையில், மறுபடியும் மோதும். ஆண்டில் நான்கு சனிக்கிழமை மட்டும் நடப்பதால் யாருக்கும் காரணம் விளங்குவதில்லை. ஆசிரியை மறந்துவிட்டார் என்று பேச்சு வரும். அந்தப் பழி அவர்மேல் விழுவது எனக்கு வருத்தம் தருகிறது.

வகுப்பின் வரிசையை மாற்றினால் இது தீர்ந்துவிடும். நியூயார்க் மார்ச்சில் முதலில் முன்னே போகிறது, இலையுதிர் காலத்தில் கடைசியில் திரும்புகிறது. ஆகவே இரண்டு ஊரும் பொருந்தாத வாரங்களில் எல்லாம், மதுரைக் கடிகாரத்தில் நியூயார்க் வகுப்பே ஒரு மணி முந்தி வருகிறது. அதை முதல் வகுப்பாக வைத்துவிட்டால் அது முந்தி வந்து மோத எதுவும் இராது. நியூயார்க் 8.30, அதன்பின் லண்டன் பிற்பகல் 2.45. குளிர்காலத்தில் மதுரையில் 7.00, 8.15. கோடையில் 6.00, 7.15. நகர்வு வாரங்களில் 6.00, 8.15. மோதல் எங்கும் இல்லை. நான்கு சனிக்கிழமைகளில் இடைவெளி நீள்கிறது, அவ்வளவுதான். இரவு ஒன்பது மணிக்கு முடிவது ஆசிரியைக்கு ஏற்புடையதா என்பதை அவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

5. வயதும் நேரமும் ஒரே வரியில்

மாதிரி வாசகத்தில் வயது ஒரு வரி, நேரம் ஒரு வரி. நான்கு வயதுப் பிரிவுக்கும் ஒரே நேரம் என்பது அதன் பொருள். சிங்கப்பூரில் ஐந்து வயதுப் பிள்ளையை இரவு 9.30க்கு உட்கார்த்தலாம் என்று அந்த வாசகம் சொல்லாமல் சொல்கிறது. நியூ ஜெர்சியில் காலை 8.30 சிறிய பிள்ளைக்கு நல்ல நேரம். பதினான்கு வயதுப் பிள்ளை விடுமுறை நாளில் அப்போது எழுந்திருக்கமாட்டான். ஆகவே அமெரிக்கக் காலை நேரத்தைச் சிறியவர்களுக்கும், இந்தியாவில் ஞாயிறு காலையாக விடியும் அமெரிக்கச் சனி மாலையைப் பெரியவர்களுக்கும் ஒதுக்குவது பொருந்தும். சிட்னிப் பிள்ளைகளுக்கு இந்திய முற்பகலே வழி. இந்தியாவில் 10.30 என்றால் சிட்னியில் கோடைகாலத்தில் மாலை 4 மணி.

வகுப்பின் நீளமும் வயதோடு சேர்ந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்குத் திரைமுன் 45 நிமிடம் நீளம் அதிகம். 25 நிமிடத்துக்குப் பிறகு பக்கத்தில் அம்மா உட்கார்ந்து பிடித்துவைக்க வேண்டியிருக்கும். அதனால் மழலைப் பிரிவில் ‘பெற்றோர் உடன் இருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் அப்போது அது அம்மாவின் நேரமும் ஆகிறது.

6. திருத்திய வாசகம்

மேற்சொன்னவற்றைக் கொண்டு, மாதிரி வாசகத்தின் ஒரு பகுதியை இப்படி எழுதலாம்:

“தமிழ் கேட்டால் புரியும், பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு. 2026 செப்டம்பர் 1 அன்று 6 வயது நிறைந்து 9 நிறையாதவர்கள். சனிக்கிழமை காலை 8.30, நியூயார்க் – டொராண்டோ நேரம். கடிகாரம் மாறினாலும் உங்களுக்கு 8.30தான். 45 நிமிடம். தமிழ்நாட்டுப் பேச்சுத் தமிழில்.”

லண்டனுக்கு இதேபோல் இன்னொரு வாசகம், சிட்னிக்கு மற்றொன்று. ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடைப்பதைவிட, ஊருக்கு ஒரு படமாக வெளியிடுவது மேல். மகளுக்கு அனுப்பும்போது தாத்தா எந்தப் படத்தை எடுப்பது என்று ஒருமுறை யோசிக்க வேண்டியிருக்கும். மகள் இருக்கும் ஊரின் பெயர் அவருக்குத் தெரியும்.

இந்த வாசகத்துக்கும் எல்லை உண்டு. பிரிஸ்பேன் பிள்ளையும் சிட்னிப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருந்தால், அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை ஒருவருக்கு மாலை 4 மணி என்பது மற்றவருக்கு 3 மணி. ‘உங்களுக்கு எப்போதும் 4 மணிதான்’ என்ற உறுதியை அங்கே ஒருவருக்கு மட்டுமே தர முடியும். யாருக்குத் தருவது என்பதைச் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம். மற்றவருக்கு அக்டோபர் முதல் ஞாயிறுக்கு முந்திய வாரமே, அடுத்த வகுப்பின் மணியை அவர் ஊர் நேரத்தில் எழுதி ஒரு செய்தி அனுப்ப வேண்டும்.